ட்வீட், ஃபிளானல், கேபர்டின்: மூன்று கம்பளித் துணிகளும் அவற்றின் குணமும்

மூன்றும் ஆட்டு ரோமத்தில் நெய்தவைதான். ஆனாலும் ட்வீட் கோட்டைப் போட்டால் உள்ளே கதகதப்பு, முழங்கையில் தொளதொளப்பு. ஃபிளானல் கால்சட்டை தோலுக்கு மெத்தென்று இருக்கும், தொடை உரசும் இடத்தில் சீக்கிரம் நைந்துபோகும். கேபர்டின் பல வருஷம் உழைக்கும், காற்றையும் தடுக்கும், ஆனால் உட்காரும் இடம் பளபளவென்று மின்ன ஆரம்பித்துவிடும். ஆட்டின் இனத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பெரிய பங்கு நூல் நூற்ற விதத்துக்கும் நெய்த விதத்துக்கும் உரியது.

கம்பளி நூலை இரண்டு வழிகளில் நூற்கிறார்கள். முதல் வழியில், முள்ளுருளைகளுக்கு நடுவே ரோமத்தைச் சிக்கெடுத்து, குட்டையும் நெட்டையுமான இழைகளை அப்படியே சேர்த்து, லேசான முறுக்கோடு நூலாக்குவார்கள். இழைகள் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், நூல் உப்பலாக இருக்கும். இதற்கு ஊலன் என்று பெயர். இரண்டாவது வழியில், சிக்கெடுத்த பிறகு ரோமத்தைச் சீப்பால் வாரிக் குட்டை இழைகளைக் கழித்துவிடுவார்கள். நீள இழைகள் மட்டும் வாரிப் பின்னிய சடைபோல ஒரே திசையில் படிந்திருக்க, நன்றாக முறுக்கேற்றுவார்கள். இது வொர்ஸ்டட். மெல்லியது, வழவழப்பானது, உறுதியானது.

ட்வீட் ஊலன் நூலில் நெய்வது. ஃபிளானலை ஊலனிலும் நெய்யலாம், வொர்ஸ்டட்டிலும் நெய்யலாம். நெய்த பிறகு ஈரத்தில் அடித்துச் சுருக்கி, மேற்பரப்பில் பொசுபொசுவென்று ரோமம் எழுப்புவார்கள். கேபர்டினுக்கு வொர்ஸ்டட் நூல்தான். ரோமம் எழுப்புவது கிடையாது. லண்டனிலோ டொராண்டோவிலோ முதல் குளிர்காலத்துக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் இவ்வளவைத் தெரிந்துகொண்டு கடைக்குள் நுழைந்தால் போதும். மற்றதைத் துணியே சொல்லும்.

வாங்கும்போது செய்ய வேண்டியவை

ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள். ஆயத்தக் கால்சட்டைகள் பலவற்றில் காலின் அடி ஓரத்தை மடித்துத் தைக்காமல் விட்டிருப்பார்கள். அங்கே ஒரு நூலை இழுத்தால் துணிக்கு ஒன்றும் ஆகாது. கோட்டானால் தையலுக்கு உள்பக்கம் மடிந்திருக்கும் விளிம்பிலிருந்து, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். இரண்டு அங்குல நூலை விரல்களுக்கு இடையே பிடித்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். நூல் இரண்டு இழையாகப் பிரிந்தால், அந்த இரண்டில் ஒன்றை எடுத்து மறுபடி திருப்புங்கள். சில சுற்றுகளிலேயே நூல் உதிர்ந்து, குட்டையான சுருள் ரோமங்கள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஊலன். நிறைய சுற்றுகளைத் தாங்கி, கடைசியில் நீள இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்தபடி பிரிந்தால் வொர்ஸ்டட்.

இந்தச் சோதனை ஃபிளானலுக்குத்தான் மிகவும் தேவை. ட்வீட்டையும் கேபர்டினையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். ஃபிளானலில் மேலே எழுப்பிய ரோமம் அடியில் இருக்கும் நூலை மூடிவிடுகிறது. ஊலன் ஃபிளானலும் வொர்ஸ்டட் ஃபிளானலும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் பழகிய கண்ணும் தடுமாறும். ஆனால் முதலாவது கூடுதல் கதகதப்பு, இரண்டாவது கூடுதல் ஆயுள். கால்சட்டைக்கு எது, கோட்டுக்கு எது என்பதை இந்த இரண்டு அங்குல நூல் தீர்த்துவைக்கும்.

வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பிறகு ஊதிப் பாருங்கள். துணியின் ஒரு பக்கம் வாயையும் மறுபக்கம் புறங்கையையும் வைத்து ஊதுங்கள். தளர்வாக நெய்த ட்வீட்டில் மூச்சு கையில் படும். நன்றாகச் சுருக்கிய ஃபிளானலில் குறைவாகப் படும். கேபர்டினில் அநேகமாகப் படாது. வெயிலில் பிடித்தாலும் இதே வரிசைதான்: முதலாவதில் ஊசிமுனை வெளிச்சங்கள் தெரியும், கடைசியில் தெரியாது.

கேபர்டினின் சாய்வைக் கவனியுங்கள். அதன் மேற்பரப்பில் மெல்லிய வரப்புகள் சாய்ந்து ஓடும். சாதாரண ட்வில் நெசவில் அந்தச் சாய்வு 45 பாகையை ஒட்டியிருக்கும். கேபர்டினில் 60 பாகைக்கு மேல் செங்குத்தாக நிற்கும். ஒவ்வொரு ஊடை விழும்போதும் வரப்பு ஒரு பாவு நூல் அளவுக்கு நகர்கிறது. பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இருந்தால் சாய்வு சரியாக 45. ஒரு சென்டிமீட்டரில் பாவு 40, ஊடை 20 என்று வைத்தால் சாய்வு ஏறக்குறைய 63 பாகையாகிவிடும். ஆகவே செங்குத்தான வரப்பு தெரிந்தால், ஊடையைப்போல இரு மடங்கு பாவு நூல் அதில் அடைந்திருக்கிறது என்று பொருள். காற்று புகாததற்கும் எளிதில் கிழியாததற்கும் அந்த நெருக்கமே காரணம். பெயர் கேபர்டின், சாய்வு 45 என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஹாரிஸ் ட்வீட் என்று சொன்னால் முத்திரையைத் தேடுங்கள். பூகோள உருண்டையும் அதன்மேல் சிலுவையும் உள்ள முத்திரை அது. 1993-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. புது ரோமத்தை ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயமேற்றி, அங்கேயே நூற்று, தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்து, அங்கேயே மெருகிட்டால்தான் அந்தப் பெயர் செல்லும். நெசவாளியின் தறியைக் காலால் மிதித்து ஓட்டுகிறார்கள், மின்சாரம் கிடையாது. சாயத்தை நூலுக்கு ஏற்றாமல் ரோமத்துக்கு ஏற்றுகிறார்கள் என்பது இதில் முக்கியம். பல நிற ரோமங்களைக் கலந்து நூற்பதால், தூரத்தில் பழுப்பாகத் தெரியும் துணியில் கிட்டப்போனால் மஞ்சளும் பச்சையும் ஊதாவும் தெரியும். கோணல்மாணலாக இழை கிடக்கும் ஊலன் நூலில்தான் இந்தக் கலவை இவ்வளவு அழகாக வரும்.

வாங்கும்போது செய்யக்கூடாதவை

எடையை வைத்துக் கதகதப்பை முடிவு செய்யாதீர்கள். கடைகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். மீட்டருக்கு 340 கிராம் எடையுள்ள ஊலன் ஃபிளானலையும் அதே 340 கிராம் கேபர்டினையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ரோமம் ஒரே அளவு. விரல்களுக்கு நடுவே பிடித்துப் பார்த்தால் ஃபிளானல் தடிமனாக இருக்கும். அந்தக் கூடுதல் தடிமன் முழுவதும் காற்று. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பது அசையாமல் நிற்கும் அந்தக் காற்றுதான். எனவே காற்றடிக்காத இடத்தில், அலுவலகத்திலோ ரயில் பெட்டியிலோ, ஃபிளானலே கதகதப்பு.

அதே இரண்டையும் உடுத்திக்கொண்டு கடலோரத் தெருவில் நடந்தால் கதை மாறும். வீசும் காற்று ஃபிளானலுக்குள் புகுந்து, உள்ளே நின்ற சூடான காற்றைத் தள்ளிவிடுகிறது. கேபர்டினுக்குள் அதிகக் காற்று இல்லை, ஆனால் வெளிக்காற்றும் உள்ளே வருவதில்லை. அங்கே வித்தியாசம் சுருங்கிவிடும். காற்று பலமாக இருந்தால் கேபர்டின் முந்தியும் விடும். எடை இந்த இரண்டில் எதையும் சொல்வதில்லை.

எடைச் சீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலேய ஆலைகள் முழு அகலத்தில் ஒரு கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்றோ, ஒரு மீட்டர் நீளத்துக்கு இத்தனை கிராம் என்றோ போடும். வேறு சிலர் சதுர மீட்டருக்குப் போடுவார்கள். 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் ஒரு மீட்டர் நீளம் 360 கிராம் என்றால், சதுர மீட்டருக்கு அது 240 கிராம்தான். எது எதற்கான கணக்கு என்று கேட்காமல் இரண்டு சீட்டுகளை ஒப்பிடாதீர்கள்.

சொரசொரப்பைக் கண்டு மட்டமான துணி என்று ஒதுக்காதீர்கள். ட்வீட்டுக்கு எடுக்கும் செவியட், கருமுக ஆடு போன்ற இனங்களின் ரோமமே முரடு. நடுநடுவே சாயம் பிடிக்காத வெளிறிய முரட்டு முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். குத்தத்தான் செய்யும். அதனால்தான் ட்வீட்டை மேல்கோட்டாகப் போடுகிறார்கள். அந்த முரட்டு இழைக்கு விறைப்பு அதிகம், கசங்கினாலும் நிமிர்ந்துகொள்ளும்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். குழந்தைத் துணியாக விற்கும் ஃபிளானல் பருத்தி. கட்டம்போட்ட ஃபிளானல் சட்டைகளும் அநேகமாகப் பருத்தி. பள்ளிச் சீருடைக்கு வரும் கேபர்டினில் பெரும்பாலும் பாலியஸ்டர் இருக்கும். கேபர்டினின் வரலாற்றிலேயே பருத்தி உண்டு. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் ஊரில் தாமஸ் பர்பெரி 1879-ல் அதை உருவாக்கி 1888-ல் காப்புரிமை வாங்கினார். இன்றும் அவருடைய நிறுவனத்தின் மழைக் கோட்டுகளில் பருத்திக் கேபர்டின் உண்டு. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் கம்பளி எத்தனை விழுக்காடு என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஊலன் ஃபிளானலில் தினசரிக் கால்சட்டை தைக்காதீர்கள். முறுக்குக் குறைந்த நூலில் இழைகளைப் பிடித்துவைக்க எதுவும் அதிகமில்லை. உரசலில் குட்டை இழைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து உருண்டைகளாகத் திரளும், பிறகு உதிரும். பொசுபொசுப்பு முதலில் போகும், அடுத்துத் துணி மெலியும், கடைசியில் தொடையின் உள்பக்கம் ஓட்டை விழும். ஒரு காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் வெள்ளை ஃபிளானல் கால்சட்டையோடுதான் ஆடினார்கள். உடுத்தியது ஆட்ட நாளில் மட்டும், அலுவலகத்துக்கு அல்ல. தினமும் வேண்டுமென்றால் வொர்ஸ்டட் ஃபிளானல் கேளுங்கள்.

உடுத்தும்போது

செய்ய வேண்டியவற்றில் முதலாவது, ஒரு நாள் உடுத்தினால் மறுநாள் ஓய்வு கொடுப்பது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், நமக்கு ஈரமாகவே தோன்றாது. வேர்வை உள்ளே இருக்கும் வரை இழை மெத்தென்று வளைந்த நிலையிலேயே கிடக்கும். அதன்மேல் மறுநாளும் உட்கார்ந்தால் முழங்கால் தொங்கல் நிரந்தரமாகிவிடும். அகலமான தோள் உள்ள ஹேங்கரில் தொங்கவிட்டால் ஈரம் போகப்போக இழை தன் சுருளுக்குத் திரும்பும். குளியலறையில் வெந்நீர் ஆவி படும்படி சிறிது நேரம் மாட்டி, பிறகு காற்றாட வைத்தால் ட்வீட்டிலும் ஃபிளானலிலும் பாதிச் சுருக்கம் தானாகவே போய்விடும். இஸ்திரியே வேண்டாம்.

கதகதப்புத் துணியை உள்ளே, காற்றுத் தடுப்பை வெளியே போடுங்கள். 1924-ல் எவரெஸ்ட்டில் ஏறிய ஜார்ஜ் மலோரியின் உடல் 1999-ல் கிடைத்தபோது, உடம்பில் பட்டு, பருத்தி, கம்பளி என்று பல அடுக்குகளும் வெளியே கேபர்டின் ஜாக்கெட்டும் இருந்தன. உள் அடுக்குகள் காற்றைப் பிடித்துவைக்க, கேபர்டின் அதைக் கலையாமல் காத்தது. நகரத்திலும் அதே கணக்குதான்: ட்வீட் கோட்டின்மேல் கேபர்டின் மேலங்கி. மாற்றிப் போட்டால் பயனில்லை.

ட்வீட், ஃபிளானல் கால்சட்டைகளுக்கு முன்பக்கம் முழங்காலுக்குக் கீழ் வரை லைனிங் வையுங்கள். குத்தலும் குறையும், முட்டி தொங்குவதும் குறையும். ட்வீட் கோட்டின் முழங்கையில் தோல் ஒட்டுப் போடுவதும் மணிக்கட்டு விளிம்பில் தோல் பட்டை கட்டுவதும் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. ஊலன் துணி முதலில் நைவது மடிந்த விளிம்பில்தான். ஓட்டை விழும்வரை காத்திராமல், விளிம்பு மெலிந்ததுமே தையற்காரரிடம் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை கொஞ்சம்தான். ட்வீட், ஃபிளானல் கோட்டின்மேல் முதுகுப்பை மாட்டாதீர்கள். பட்டை உரசும் தோளில் உருண்டை திரளும். நனைந்த துணியை ஹீட்டர்மேல் போடாதீர்கள். சட்டைப் பையில் சாவிக்கொத்தைப் போடாதீர்கள், கேபர்டினாக இருந்தாலும் சரி. கம்பளிக் கேபர்டின் தூறலைத் தாங்கும், வரப்புகள் நீரை வழியவிடும். அதை நம்பிக் கொட்டும் மழையில் நிற்காதீர்கள்.

துவைத்தலும் இஸ்திரியும்

சலவை இயந்திரத்தில் போடாதீர்கள். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள், ஓட்டின்மேல் ஓடு அடுக்கியதுபோல, ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. வெந்நீரும் சோப்பும் குலுக்கலும் சேர்ந்தால் இழைகள் ஒரு திசையில் மட்டும் நகரும், திரும்பி வரமுடியாமல் சிக்கிக்கொள்ளும். துணி சுருங்கித் தடித்துவிடும். ஃபிளானலை ஆலையில் வேண்டுமென்றே இப்படித்தான் சுருக்குகிறார்கள். எந்த அளவில் நிறுத்துவது என்று ஆலைக்காரருக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. கேபர்டினின் முறுக்கிய நூல் அவ்வளவு சுருங்காது. ஆனால் தையல் ஓரங்களும் உள்ளே வைத்த கஞ்சித் துணியும் வேறு வேறு அளவில் சுருங்கி, நெளிநெளியாகிவிடும்.

அடிக்கடி டிரை கிளீனிங் கொடுப்பதும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கரைப்பானும் அழுத்த இஸ்திரியும் துணியின் உயிரைக் கொஞ்சம் எடுக்கின்றன. அதற்குப் பதில் நல்ல முடித் தூரிகையால் உடுத்திய அன்றே துடையுங்கள். ஃபிளானலில் ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாக. தூசியின் கூர்முனைகள் நூலை அறுப்பதற்கு முன் போய்விடும்.

கேபர்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள். இதற்கு மட்டும் விலக்கே கிடையாது. கேபர்டினின் முகப்பில் கிட்டத்தட்ட பாவு நூல்தான் தெரிகிறது, அதுவும் வரப்பு வரப்பாக எழுந்து நிற்கிறது. உரசலையும் சூட்டையும் வாங்குவது அந்த வரப்பின் முகடுகள். வழவழப்பான இழைகள் நசுங்கித் தட்டையானதும் வெளிச்சத்தை ஒரே பக்கம் திருப்பிவிடுகின்றன, அதுவே பளபளப்பு. ஃபிளானலில் பொசுபொசுப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் இது தெரிவதில்லை.

உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போடுங்கள். முகப்பில் போட்டே ஆகவேண்டிய மடிப்புக் கோடு என்றால், நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மேலே விரித்து, பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். துணி ஆறும்வரை தொடாதீர்கள். தையல் தடிப்புகளுக்கு அடியில் ஒரு காகிதப் பட்டை செருகிக்கொள்ளுங்கள், தடிப்பின் தடம் முகப்பில் விழாது. பளபளப்பு வந்த பிறகு ஆவி காட்டித் தூரிகையால் தட்டினால் இஸ்திரியால் வந்தது ஓரளவு குறையும். உட்கார்ந்து உட்கார்ந்து இழையே தேய்ந்து வந்தது குறையாது. அடர் நீலத்திலும் கறுப்பிலும் அது எடுப்பாகத் தெரியும், மணல் நிறத்தில் கண்ணுக்கே படாது. நிறம் தேர்ந்தெடுக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

வெயில் காலத்தில் மடித்து வைக்கும்போது

துணியைத் தின்பது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வேர்வையும் உணவுக் கறையும் உள்ள இடத்தைத்தான் முதலில் கடிக்கும். அதனால் அழுக்கோடு பெட்டியில் வைக்காதீர்கள். சுத்தம் செய்து, இறுக்கி மூடும் பையில் வையுங்கள். பழைய துணிக் கடையில் வாங்கிய ட்வீட்டை அலமாரியில் மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன், பையில் கட்டிக் காற்றை வெளியேற்றி, உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். பாச்சா உருண்டை போட்டால் வாடை போக ஒரு குளிர்காலமே ஆகும். அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

ஒரே ஒரு உடுப்புக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், மீட்டருக்கு 370 கிராம் அளவில், சாம்பல் நிற வொர்ஸ்டட் ஃபிளானலில் கால்சட்டை எடுங்கள். கதகதப்பில் ஊலன் ஃபிளானலுக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கும், உழைப்பில் கேபர்டினுக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கும், பளபளப்பு எளிதில் வராது. அடுத்த வருஷம் பணம் சேர்ந்தால் ட்வீட் கோட்டுக்குப் பழைய துணிக் கடைக்குப் போங்கள். முழங்கையும் மணிக்கட்டு விளிம்பும் மெலியாமல் இருந்தால் புதுக் கோட்டின் விலையைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.